‘நீங்க எங்கப்பா இல்ல’: மறுமண வீட்டில் கண்டிக்கிற உரிமை யாருக்கு?

லாஸ்பேட்டை அம்மா · 9 ஜூன் 2024, இரவு 10:40

எனக்கு ஒரு பையன், 13 வயசு, எட்டாவது. அவங்கப்பா தவறிட்டார். போன தையில மறுமணம். வீட்டுக்காரருக்கு முதல் கல்யாணத்துல ஒரு பொண்ணு, 8 வயசு. அது எங்களோடதான் இருக்கு, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை சனி ஞாயிறு கடலூர்ல அவங்கம்மாகிட்ட போய் வரும். நான் நேரு வீதியில துணிக்கடை வேலை, வீடு திரும்ப எட்டரை ஆகும். அவருக்கு சேதராப்பட்டுல முதல் ஷிப்ட், நாலு மணிக்கெல்லாம் வந்துடுவார். சாயங்காலம் பூரா ரெண்டு பிள்ளையும் அவர் பொறுப்பு.

ராத்திரி 9 மணிக்கு மேல போன் கூடாதுன்னு அவர் ஒரு விதி போட்டார். தப்பில்லாத விதிதான். பையன் குடுக்கல, அவர் கையிலேருந்து பிடுங்கினார், ‘நீங்க எங்கப்பா இல்ல’ன்னுட்டான். அன்னிலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. ஞாயித்துக்கிழமை திருப்பாதிரிப்புலியூர்ல அவங்கப்பாவைப் பெத்த பாட்டி வீட்டுக்குப் போறான், அங்க ‘அவரு யாரு உன்னைக் கேக்க’ன்னு சொல்லி அனுப்புறாங்க.

நான் இவர் பக்கம் பேசினா பையன் போயிடுவான். பையன் பக்கம் பேசினா இவர் வீட்டுல வெறும் ஆளாயிடுவார். என்ன பண்றது?

பண்ருட்டி அண்ணன் · 9 ஜூன், 11:15

வீட்டுல ரெண்டு குரல் கேக்கவே கூடாதும்மா. அவர் சொன்னா நீ சொன்னா மாதிரி. முதல்லயே பிடிச்சு நிறுத்தலேன்னா அப்புறம் எந்தக் காலத்துலயும் நிக்காது. போனை ஒரு மாசம் பீரோவுல வைங்க, தானா வழிக்கு வருவான்.

மஞ்சக்குப்பம் ஆலோசகர் · 10 ஜூன், காலை 6:50

பண்ருட்டிக்காரர் சொன்னதில் பாதி சரி. பிள்ளைகள் முன்னால் ரெண்டு குரல் கூடாது என்பது சரி. முதல் நாளே பிடிச்சு நிறுத்தணும் என்பதில்தான் நிறைய வீடு கவிழ்கிறது.

காரணத்தைச் சொல்கிறேன். பெற்ற அப்பா அதட்டினால் பிள்ளை பணிகிறது என்றால், அந்த அதட்டலுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வருஷம் தூக்கி வளர்த்த கை இருக்கிறது. கோபம் அடங்கினதும் ரெண்டு பேரும் திரும்பி வர ஒரு இடம் இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு அந்த இடம் இன்னும் உண்டாகவில்லை. அதே அதட்டல், அதே வார்த்தை, ஆனால் பையன் காதில் ‘வெளி ஆள் அடக்குறான்’ என்றுதான் விழும். கூடவே இறந்த அப்பாவின் இடத்தை இவர் எடுத்துக்கொள்கிறார் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. 10 வயதிலிருந்து 14, 15 வரை இது மிகக் கடுமையாக இருக்கும். உங்கள் பையன் சரியாக நடுவில் நிற்கிறான்.

அமெரிக்காவில் மாவிஸ் ஹெதரிங்டன், ஜேம்ஸ் பிரே போன்றவர்கள் மறுமணக் குடும்பங்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். அம்மா போட்ட விதிக்கு முதலில் துணை மட்டும் நின்று, நெருக்கம் வந்தபிறகு மெல்லத் தானும் கண்டிக்க ஆரம்பித்தவர்களைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். வந்தவுடன் பிரம்பைக் கையில் எடுத்தவர்களிடம் எதிர்ப்பு நின்றபடியே இருந்தது. முதல் கொந்தளிப்பு அடங்கவே ரெண்டு, ரெண்டரை வருஷம் ஆகும் என்பது பிரே கண்டது. அவர்கள் பார்த்தது அங்கத்திய வீடுகளை. நம் வீடுகளில் பாட்டி, மாமா, சித்தி எல்லாரும் கருத்து சொல்வார்கள் என்பதால் நேரம் குறையும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

உங்கள் விஷயத்தில் விதி சரி, அதைச் சொன்ன வாய்தான் சிக்கல். 9 மணி விதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எப்படி என்று இன்று இரவு எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

நெல்லிக்குப்பம் வாசகர் · 10 ஜூன், 8:05

பையனோட டிசில புது அப்பா பேர் போடணுமா பழைய பேரா? அதைக் கேக்கறீங்கன்னு நெனச்சேன். எங்க சொந்தத்துல இதே பிரச்சனை, இனிஷியல் மாத்தலாமா வேணாமான்னு நாலு மாசமா பஞ்சாயத்து. யாராவது தெரிஞ்சா சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் ஆலோசகர் · 10 ஜூன், இரவு 9:20

காலையில் விட்ட இடத்திலிருந்து.

முதலில் விதிகளை ரெண்டாகப் பிரியுங்கள். வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் பொதுவானவை ஒரு பக்கம்: யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, வெளியே போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்க வேண்டும், ராத்திரி பத்துக்குக் கதவைப் பூட்டுவது. இவற்றை அவர் முதல் நாளிலிருந்தே சொல்லலாம், ஏனென்றால் அவரும் அதற்குக் கட்டுப்பட்டவர். விருந்தாளி வந்தாலும் அதே விதிதான். இன்னொரு பக்கம் ஒரு பிள்ளைக்கு மட்டும் உரியவை: போன், படிப்பு, நண்பர்கள், டியூஷன், தண்டனை. இவை பெற்றவர் கையில். முதல் ஒன்றரை, ரெண்டு வருஷமாவது அப்படியே இருக்கட்டும்.

அடுத்து, உங்கள் மகனிடம் நீங்களே பேச வேண்டும். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், வாய் திறக்க வேண்டாம். நீளமாகப் பேசவேண்டாம். ‘9 மணிக்கு போன் ஹால்ல சார்ஜ்ல இருக்கணும். இது என் விதி. நான் வேற வேலையில இருந்தா இவர் ஞாபகப்படுத்துவார். அவர் ஞாபகப்படுத்தினா நான் சொன்னதா அர்த்தம். அது தப்புன்னு தோணினா அப்ப கேட்டுக்கோ, அப்புறம் என்கிட்ட சொல்லு, பேசலாம்.’ அவ்வளவு போதும். இதில் அவருடைய அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பையனுக்குப் புரிகிறது. பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்கொள்ளும்போது அவர் சொல்வதைப் பிள்ளை கேட்கிறதே, அதே மாதிரி இரவல் அதிகாரம். இரவல்தான், ஆனால் செல்லும்.

அவர் தினமும் சொல்ல வேண்டியது ஒரே வரி: ‘அம்மா 9ன்னு சொல்லியிருக்காங்க, இப்ப 9.’ ‘நான் சொல்றேன்’ வேண்டாம். பையன் கொடுக்கவில்லை என்றால் பிடுங்கக் கூடாது. ‘சரி, அம்மாகிட்ட சொல்லிடறேன்’ என்று எழுந்து போய்விட வேண்டும். கேட்க ஆண்மை இல்லாத மாதிரி அவருக்கே தோன்றும், அதுதான் கஷ்டம். ஆனால் அவர் பிடுங்கிய நொடியில் விஷயம் போனை விட்டுப் போய் ‘நீ யார்’ என்பதில் நிற்கிறது. அந்தச் சண்டையில் அவர் ஜெயிக்க வழியில்லை.

பிறகு உங்கள் வேலை. அவர் சொன்னதை நீங்கள் அன்றைக்கோ மறுநாள் காலையோ கண்டிப்பாக நடத்திவைக்க வேண்டும். விளைவு சின்னதாக இருக்கட்டும்: மறுநாள் போன் எட்டரைக்கே ஹாலுக்கு வந்துவிடும், ஒரு நாள் மட்டும். ஒரு மாசம் பீரோவில் வைத்தால் அதற்குப் பிறகு எடுக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது. மேலும் எட்டாவது படிக்கிற பையனுக்கு ஹோம்வொர்க் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, நாலாம் நாள் நீங்களே எடுத்துக் கொடுப்பீர்கள். எட்டரைக்குள் ஹோம்வொர்க்கை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள், 9 மணிக்கு வருகிற சாக்கு அடைபடும்.

கெடுகிற இடம் ரெண்டு. ஒன்று, நீங்கள் களைத்து வந்து ‘விடுங்க, சின்னப் பையன்’ என்று பையன் காதில் விழச் சொல்வது. அன்றைக்கே அவர் சொல் செல்லாக்காசு. இன்னொன்று இதற்கு நேர் எதிர்: ‘அப்பா வரட்டும், சொல்றேன்’ என்று அவரைப் பூச்சாண்டி ஆக்குவது. இது அவருக்கு மரியாதை கொடுப்பதாகத் தெரியும், ஆனால் கண்டிப்பு முழுக்க அவர் தலையில், அன்பு முழுக்க உங்களிடம் என்று பிரிந்துவிடும்.

நெல்லிக்குப்பம் நண்பரே, உங்கள் கேள்வி வேறு, ஆனால் தொடர்பு உண்டு. பிறகு வருகிறேன்.

அரியாங்குப்பம் டீச்சர் · 11 ஜூன், மாலை 5:30

முப்பது வருஷம் வகுப்பெடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். சார் சொல்வது அம்மா வீட்டில் இருந்தால் நடக்கும். இந்தப் பெண் எட்டரைக்கு வருகிறாள். நாலிலிருந்து எட்டரை வரை நாலரை மணி நேரம். பையன் டியூஷன் போகவில்லை, அந்தச் சின்னது ஹோம்வொர்க் எழுதவில்லை, ரெண்டும் டிவிக்குச் சண்டை. ஒவ்வொன்றுக்கும் ‘அம்மாகிட்ட சொல்றேன்’ என்றால் அந்த மனுஷன் புகார்ப் பெட்டிதான். ராத்திரி இவள் வந்ததும் பட்டியல் வாசிப்பார். இவளுக்குச் சாப்பிடக்கூடத் தோன்றாது.

நான் சொல்வது: ஒரு தாளில் சாயங்கால நேரத்தை இவள் கையெழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டட்டும். நாலரை டிபன், ஐந்து முதல் ஆறு விளையாட்டு, ஆறரைக்கு ஹோம்வொர்க், எட்டுக்குச் சாப்பாடு. ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். அவர் வாதாட வேண்டியதில்லை, தாளைக் காட்டினால் போதும். கையெழுத்து அம்மாவுடையதாக இருக்க வேண்டும். பிரிண்ட் எடுத்து ஒட்டினால் பிள்ளைக்கு அது யார் சொன்னது என்று தெரியாது.

பட்டியல் வாசிப்பதற்கும் ஒரு அளவு. அன்றைக்கு நடந்ததில் பெரிய ஒன்றை மட்டும் சொல்லட்டும். மீதியைத் தாள் பார்த்துக்கொள்ளும்.

மஞ்சக்குப்பம் ஆலோசகர் · 11 ஜூன், 8:45

டீச்சர் சொன்ன தாள் நான் சொன்னதைவிட இந்த வீட்டுக்குப் பொருந்தும். ஒன்று சேர்க்கிறேன்: அந்தத் தாளை எழுதும் முன் கணவரின் கருத்தைக் கேட்டு எழுதுங்கள், ஆனால் பிள்ளைகள் இல்லாத நேரத்தில். தினமும் சாயங்காலம் நிற்கப்போவது அவர். அவரால் நடத்த முடியாத வரி அதில் இருக்கக் கூடாது.

முத்தியால்பேட்டை பிரெடி · 11 ஜூன், 11:50

நான் மாற்றாந்தந்தை கையில வளர்ந்தவன். அவர் என்னைக் கண்டிச்சதே இல்ல, ரொம்ப நாள். சைக்கிள் பஞ்சர் ஒட்ட கத்துக்குடுத்தார், அவ்வளவுதான். பத்தாவது ரிசல்ட் அன்னிக்கு முதல் தடவை திட்டினார். அழுதேன், ஆனா கோவம் வரல. எப்ப திட்டலாம்னு ஒரு கணக்கு இருக்குன்னா அது அவ்வளவு நாள் ஆகும் போல.

பண்ருட்டி அண்ணன் · 12 ஜூன், காலை 7:10

பத்தாவது வரைக்கும் காத்திருக்கணும்னா பையன் கெட்டே போயிடுவான் தம்பி.

மஞ்சக்குப்பம் ஆலோசகர் · 12 ஜூன், 9:30

அண்ணே, அவர் காத்திருந்த நாளெல்லாம் அவங்கம்மா கண்டித்திருப்பார். கண்டிப்பே இல்லாத வீடு என்று யாரும் சொல்லவில்லை. யார் கையில் என்பதுதான் பேச்சு.

பிரெடி தம்பி சொன்ன பஞ்சர் விஷயம் முக்கியம். வாரத்துக்கு ஒருமுறை முப்பது, நாற்பது நிமிஷம் கணவரும் பையனும் மட்டும், கையால் செய்கிற வேலையாக. எதிரெதிரே உட்கார்ந்து ‘உன் மனசுல என்ன இருக்கு’ என்று கேட்பதை 13 வயசுப் பையன் தாங்க மாட்டான். பக்கத்தில் பக்கத்தில் நின்று செயினுக்கு எண்ணெய் போடுவது, ஃபேன் கழற்றித் துடைப்பது, துறைமுகத்துப் பக்கம் போய் மீன் வாங்கி வருவது. அந்த நேரத்தில் படிப்பு, போன், முடிவெட்டு பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. போன் விஷயத்தில் இப்போது ஒரு சண்டை தீராமல் நிற்கிறது, அதனால் முதல் ரெண்டு வாரம் அவன் வரமாட்டேன் என்பான். வற்புறுத்தவேண்டாம், அடுத்த வாரம் மறுபடி கூப்பிடட்டும்.

நிறைய பேர் மறந்துபோவது இதற்கு இணையான இன்னொன்றை: நீங்களும் உங்கள் மகனும் மட்டும் தனியே கொஞ்ச நேரம். மறுமணம் ஆனதும் ‘எல்லாரும் ஒன்றாக’ என்று எங்கே போனாலும் நாலு பேராகப் போவார்கள். பையன் கணக்கில் அவன் அம்மாவை ஏற்கெனவே பாதி இழந்துவிட்டான். வாரத்துக்கு ஒரு டீ போதும், ஆனால் அது நின்றுபோகக் கூடாது. அவருக்கும் அவர் மகளுக்கும் அதே மாதிரி.

கூனிமேடு மாமி · 13 ஜூன், பிற்பகல் 2:15

எல்லாரும் அவரையே பேசறீங்க. அந்தக் குட்டிப் பொண்ணுக்கு நீ யாரும்மா? உன் பையனுக்கு அவர் என்னவோ, அந்தப் பொண்ணுக்கு நீ அதே. அதுக்கு தலை பின்றது, சோறு ஊட்டறது, நோட்டு பாக்கறது யாரு? அதைக் கண்டிக்கிறது யாரு?

லாஸ்பேட்டை அம்மா · 13 ஜூன், இரவு 10:05

மாமி, நல்லா கேட்டீங்க. காலையில தலை பின்றது நான்தான். சாப்பாட்டை மிச்சம் வைக்கக் கூடாதுன்னு சொல்றதும் நான்தான், என் பையனை அப்படித்தான் வளர்த்தேன். இவர் வாய் திறக்க மாட்டார். நான் தட்டைக் காலி பண்ணச் சொல்லி அது மூஞ்சியைத் தூக்கிட்டு எழுந்தா, அரை மணி நேரத்துல கடைக்குக் கூட்டிட்டுப் போய் சிப்ஸ் வாங்கித் தர்றார். கேட்டா ‘அம்மா இல்லாத பிள்ளை’ங்கறார். அம்மா கடலூர்ல நல்லாத்தான் இருக்காங்க.

ஃப்ரிட்ஜ்ல தாள் ஒட்டியாச்சு. என் கையெழுத்து. பையனுக்கு ஆறரை ஹோம்வொர்க்னு எழுதினேன், அவன் ‘அவளுக்கு ஏன் அஞ்சரை’ன்னு கேட்டான். அவ ‘எனக்கு மட்டும் ஏன் போன் இல்ல’ன்னா.

மஞ்சக்குப்பம் ஆலோசகர் · 14 ஜூன், காலை 6:40

மாமி தொட்ட இடம்தான் இந்த வீட்டின் மையம். நம் ஊரில் மாற்றாந்தந்தையாவது கொஞ்ச நாள் ஒதுங்கி நிற்கலாம். மாற்றாந்தாய்க்கு அந்த வசதியே கிடையாது, கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலேயே சீப்பு கைக்கு வந்துவிடுகிறது. அதனால் அவளுக்கு வேலையையும் கண்டிப்பையும் பிரிப்பதுதான் வழி. தலை பின்னுவது, சாப்பாடு போடுவது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்காருவது எல்லாம் நீங்கள் செய்யலாம், அவற்றில்தான் நெருக்கமே வளரும். தட்டைக் காலி செய்ய வேண்டுமா வேண்டாமா என்பது அவள் அப்பாவின் தீர்மானம். அவர் அதை அவளிடம் சொல்ல வேண்டும்.

இப்போது நடப்பதைக் கவனியுங்கள். உங்கள் விதியை நீங்கள் அவர் பிள்ளைமேல் போடுகிறீர்கள். அவர் நேரில் மறுக்கவில்லை, சிப்ஸ் வாங்கித் தந்து மறுக்கிறார். அந்த எட்டு வயசுக்கு அது மிகத் தெளிவாகப் புரியும். ‘அம்மா இல்லாத பிள்ளை’ என்று அவர் சொல்வது பிள்ளையைவிடத் தன் குற்ற உணர்வைப் பற்றி. பிரிவுக்குப் பிறகு பிள்ளையை வைத்திருக்கிற அப்பாக்களிடம் இது அதிகம். அதைத் திட்டித் திருத்த முடியாது. ஆனால் சின்னவள் விதியை அவர் கையில் கொடுத்துவிட்டால் அவருக்கும் தப்பிக்க இடமில்லை. தட்டில் மிச்சம் வைத்தால் என்ன என்று அவரே முடிவு செய்யட்டும். உங்கள் முறையிலிருந்து மாறியிருக்கலாம். கொஞ்சமாகப் போட்டு, வேண்டும் என்றால் மறுபடி கேட்கச் சொல்லலாம் என்று அவர் சொன்னால், அதுவும் முறையான விதிதான், சாப்பாடும் வீணாகாது.

பிள்ளைகள் இருவரும் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே விதி வேண்டும் என்று முயலாதீர்கள், அஞ்சு வயசு வித்தியாசம். ‘வயசுக்கு வயசு விதி மாறும். அவ 13 ஆகும்போது அவளுக்கும் இதே 9 மணி, நீ 8 வயசுல அஞ்சரைக்குத்தான் எழுதின’ என்று சொன்னால் போதும். ஒப்பிட்டுப் பேசினால்தான் ஆபத்து. ‘அவளைப் பார், சொன்ன பேச்சு கேக்குறா’ என்று ஒருமுறை சொன்னாலும் ரெண்டு பேருக்கும் நடுவே ஒரு சுவர்.

லாஸ்பேட்டை அம்மா · 14 ஜூன், 10:30

இதை அவர்கிட்ட எப்படிப் பேசறது சார்? சிப்ஸ்னு ஆரம்பிச்சா ‘உன் பையன் போன்’னு முடியும்.

மஞ்சக்குப்பம் ஆலோசகர் · 15 ஜூன், மாலை 6:15

எல்லா மறுமண வீட்டிலும் அப்படித்தான் முடியும். வெளியிலிருந்து வந்தவருக்குப் பிள்ளையிடம் கண்டிப்பு போதவில்லை என்று தோன்றும், பெற்றவருக்கு அதே பிள்ளையிடம் இரக்கம் போதவில்லை என்று தோன்றும். உங்கள் வீட்டில் ரெண்டு பேருமே ரெண்டு நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள், அது ஒருவகையில் நல்லது. ஒருவர் வலி மற்றவருக்குத் தெரியும்.

வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிஷம், வீட்டுக்கு வெளியே. சாயங்காலம் வண்டி விடாத நேரத்தில் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே பேசுங்கள், நடக்கும்போது குரல் ஏறாது. ஆளுக்கு ஒரு விஷயம்தான். பெற்றவர் அல்லாதவர் முதலில் சொல்வார். தான் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும்: ‘நேத்து மூணு தடவை கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல.’ ‘உன் பையனுக்கு மரியாதையே தெரியல’ என்றால் அது வளர்ப்பைப் பற்றிய தீர்ப்பு, பெற்றவர் எழுந்து நிற்பார். கேட்பவர் ரெண்டு நிமிஷம் பிள்ளைக்காக வாதாடாமல் இருக்க வேண்டும், சொல்வது சுலபம், செய்வது கடினம். கடைசியில் அந்தப் பிள்ளை விஷயத்தில் முடிவு பெற்றவருடையது. மற்றவர் சொன்னதில் பாதியாவது அந்த முடிவில் இருந்தால் அவர் தன் வீட்டில் தானும் ஒரு ஆள் என்று நினைப்பார்.

ஒரு மாசத்தில் மாற்றுகிற விதி ஒன்று, மிஞ்சினால் ரெண்டு. புது வீடு, புது ஆள், புதுத் தங்கை என்று பிள்ளைக்கு ஏற்கெனவே எல்லாம் மாறிவிட்டது. மற்றதைப் பழையபடி விடுங்கள், உங்களுக்கு எரிச்சலாக இருந்தாலும். இந்த மாசம் போன். சிப்ஸ் அடுத்த மாசம்.

அரியாங்குப்பம் டீச்சர் · 16 ஜூன், காலை 11:00

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தச் சின்னது கடலூரிலிருந்து வந்து இறங்கும்போது பாருங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குள் வந்து பையைக் கீழே போட்ட ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம். ‘அங்க என்ன சாப்ட்ட, அம்மா என்ன சொன்னாங்க’ என்று கேட்கவே கூடாது. குளிக்கட்டும், டிவி பார்க்கட்டும். திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்று என் வகுப்பில் வந்து நிற்கிற பிள்ளைகளில் ஞாயிறு இரவு இப்படி விசாரணை நடந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லாஸ்பேட்டை அம்மா · 16 ஜூன், இரவு 9:50

பாட்டியைப் பத்தி யாரும் சொல்லல. பையன் இன்னிக்கும் போய் வந்தான். வந்ததும் சோபாவுல அவங்கப்பா போட்டோவுக்கு நேரா உக்காந்துட்டு இவரைப் பாக்காம சாப்ட்டான்.

மஞ்சக்குப்பம் ஆலோசகர் · 17 ஜூன், 7:00

பாட்டியிடம் உங்கள் கணவர் போகக் கூடாது, நீங்கள் தனியே போக வேண்டும். அவர்கள் மகனை இழந்தவர்கள். பேரனையும் ஒரு அந்நியன் எடுத்துக்கொள்கிறான் என்ற பயம்தான் ‘அவரு யாரு’ என்று வாயில் வருகிறது. முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள்: ஞாயிறு வருவது நிற்காது, திதிக்குப் பையன்தான் முன்னால் நிற்பான், போட்டோ ஹாலில் இருந்த இடத்திலேயே இருக்கும். இவற்றைச் செய்துகாட்டவும் வேண்டும். அதன்பிறகு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள், ‘இவர் யாருன்னு அவன் முன்னால பேசாதீங்க, என்மேல கோவம்னா எனக்கு போன் பண்ணுங்க’ என்று. போன் நேரம், தின்பண்டம், ஆறு மணிக்குத் திரும்புவது எல்லாம் ஒரேயடியாகக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. பாட்டி வீட்டில் பத்து மணி வரை போன் பார்த்தால் பார்க்கட்டும். வீட்டுக்கு வீடு விதி மாறும் என்பதைப் பிள்ளைகள் நன்றாகத் தாங்குவார்கள். ஒரு பெரியவர் இன்னொருவரைச் சிறுமைப்படுத்துவதைத்தான் தாங்கமாட்டார்கள், ஏதோ ஒரு பக்கம் சேர வேண்டியிருக்கிறது.

கூப்பிடுவதைப் பற்றியும் இங்கேயே: ‘அப்பா’ என்று கூப்பிடச் சொல்லாதீர்கள். மாமா என்றோ வேறு மாதிரியோ, அவனுக்கு வாயில் வருவது. மரியாதை இல்லாமல் பேசக்கூடாது என்பது மட்டும் வீட்டு விதி.

நெல்லிக்குப்பம் நண்பருக்கு: 1956-ஆம் வருஷத்து இந்து இளையோர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவில் இயற்கைக் காப்பாளராக மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் வரமாட்டார்கள் என்று தெளிவாக இருக்கிறது. அதாவது இந்தப் பையனுக்குச் சட்டப்படி காப்பாளர் அம்மா மட்டும். பள்ளிக் கையெழுத்து, ஆஸ்பத்திரி ஒப்புதல் எல்லாம் அவங்க போடணும். இனிஷியல் பற்றி 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: கணவர் இறந்து மறுமணம் செய்த தாய், பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கலாம். ஆவணத்தில் புதுக் கணவரை ‘மாற்றாந்தந்தை’ என்று குறிக்கச் சொன்ன கீழ் உத்தரவு பிள்ளை மனதைப் புண்படுத்தும் என்று அதை ரத்து செய்தார்கள். இறந்துபோன கணவர் வழக்கில் வந்த தீர்ப்பு அது. விவாகரத்து ஆகி அப்பா உயிரோடு இருந்தால் அவர் பக்கமும் கேட்பார்கள். முழு உரிமையும் வேண்டும் என்றால் மாற்றாந்தந்தை முறைப்படி தத்தெடுக்கலாம், அதற்கு வக்கீலைப் பாருங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வருகிற பழைய குடும்பங்கள் சில உண்டு, அவர்களுக்குக் கணக்கே வேறு.

நெல்லிக்குப்பம் வாசகர் · 17 ஜூன், 8:40

அவங்க வீட்டுல அப்பா உயிரோடதான் இருக்கார். அப்ப வக்கீல்தான். நன்றி.

வில்லியனூர் தோழி · 19 ஜூன், இரவு 11:30

எல்லாம் சரி, அடிக்கிற வீடா இருந்தா? அப்பவும் இந்த ‘பெற்றவர் முடிவு’தானா?

மஞ்சக்குப்பம் ஆலோசகர் · 20 ஜூன், 6:30

இல்லை. யார் அடித்தாலும், பெற்றவரே ஆனாலும், அங்கே அதிகாரப் பேச்சு நிற்க வேண்டும். பிள்ளை ஒரு குறிப்பிட்ட ஆளோடு தனியே இருக்கப் பயப்படுகிறது, தொட்டால் சுருங்குகிறது, திடீரென்று படுக்கையில் சிறுநீர் போகிறது என்றால் இந்த இழையில் எழுதியதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு 1098-க்கு அழையுங்கள். குழந்தையே பேசலாம், பெரியவரும் பேசலாம்.

லாஸ்பேட்டை அம்மா · 4 ஆகஸ்ட் 2024, இரவு 10:20

போன் விஷயம் ஓரளவு நிக்குது. முதல் வாரம் மூணு நாள் குடுக்கல, இவர் எழுந்து போயிட்டார், நான் மறுநாள் எட்டரைக்கு வாங்கி வெச்சேன். அப்புறம் தானா சார்ஜ்ல போடறான், முணுமுணுத்துக்கிட்டுதான். சிப்ஸ் நிக்கல. கடற்கரையில பேசினோம், ‘சின்னவளுக்கு முடிவு உங்களது’ன்னு சொன்னேன். சரின்னார். மறுநாளே வாங்கிக் குடுத்தார்.

பாட்டிகிட்ட போனேன். அழுதாங்க. ஒண்ணும் ஒத்துக்கல, மறுக்கவும் இல்ல.

இப்ப புதுக் கேள்வி. இந்த மாசம் பள்ளியில பேரன்ட்ஸ் மீட்டிங். எனக்கு லீவு கிடைக்காது. இவர் போகலாமா?

அரியாங்குப்பம் டீச்சர் · 5 ஆகஸ்ட், மாலை 4:50

போகட்டும். வகுப்பு டீச்சருக்கு உன் கையெழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பு, ‘என் சார்பில் வருகிறார், மார்க் பற்றி இவரிடம் பேசலாம்’ என்று. பையனின் முன்னால் டீச்சர் ‘உங்க அப்பா’ என்று சொல்லிவிடாமல் முன்கூட்டியே போனில் சொல்லிவிடு. மாதா மாதம் வருகிற ஆளைத்தான் பள்ளி மதிக்கிறது, பையனும் அதைப் பார்க்கிறான்.

மஞ்சக்குப்பம் ஆலோசகர் · 5 ஆகஸ்ட், 9:10

இதில் டீச்சரோடு நான் ஒத்துப்போகவில்லை. கல்யாணமாகி ஏழு மாசம், போன் சண்டை இப்போதுதான் அடங்குகிறது. மார்க் குறைந்திருந்தால் அந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆள் அவராகிவிடுவார். முதலில் பையனைக் கேளுங்கள்: ‘நான் வரமுடியல. மாமா வரட்டுமா, இல்ல நான் டீச்சர்கிட்ட போன்ல பேசட்டுமா?’ அவன் போன் என்றால் போன்.

அரியாங்குப்பம் டீச்சர் · 5 ஆகஸ்ட், 9:45

சார், 13 வயசுப் பையனைக் கேட்டால் யாருமே வரவேண்டாம் என்பான். பெற்ற அப்பா இருந்தாலும் அதையேதான் சொல்வான்.

பண்ருட்டி அண்ணன் · 6 ஆகஸ்ட், காலை 7:00

டீச்சர் சொல்றதுதான் எனக்கும் சரின்னு படுது. ஆனா சிப்ஸ் விஷயத்துல ஒண்ணு சொல்றேம்மா. சிப்ஸை நிறுத்தச் சொல்லாத. தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவரே அந்தப் பொண்ணுக்கு ஏதாவது தின்பண்டம் வாங்கித் தரட்டும்னு தாள்ல எழுதிடு. அப்ப அது நீ திட்டினதுக்கு ஆறுதலா இருக்காது.

லாஸ்பேட்டை அம்மா · 6 ஆகஸ்ட், இரவு 10:15

அண்ணே, இன்னிக்கே எழுதிட்டேன். அவர் கையெழுத்துலயே எழுதச் சொன்னேன், சின்னவ விதி ஆச்சே. பையனுக்கும் சேர்த்து வாங்குவேன்னு அவரே ஒரு வரி சேர்த்தார். மீட்டிங் 17-ஆம் தேதி. பையனைக் கேட்டேன், ‘யோசிக்கிறேன்’னு சொல்லியிருக்கான்.